கணவருக்குச் சாலை விபத்து நடப்பதாகக் கனவு: கவலை ஏன் இவ்வளவு துல்லியமான காட்சியாக வருகிறது?

விழுப்புரம் மலர்

என் கணவர் விதை நிறுவனமொன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். வாரத்தில் பெரும்பாலான நாள்கள் மோட்டார் சைக்கிளில் உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சிப் பக்கம் போய்விட்டு இரவு ஏழு, எட்டு மணிக்குத்தான் திரும்புவார். திருச்சி நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரமாவது போகாமல் அவர் வேலை நடக்காது.

போன வாரம் விடியற்காலையில் ஒரு கனவு வந்தது. மடப்பட்டு தாண்டி நடுத்தடுப்பு விட்டிருக்கும் இடத்தில் நான் நிற்கிறேன். கரும்பு ஏற்றிய லாரி எதிர்த்திசையில் வருகிறது. அவர் தன் பழைய சிவப்பு வண்டியில் வருகிறார். அடி விழுந்த சத்தம் கேட்கவில்லை. தலைக்கவசம் மட்டும் உருண்டு என் காலடிக்கு வந்தது. மதியச் சாப்பாட்டு டப்பா திறந்து எலுமிச்சைச் சோறு தாரின்மேல் சிதறிக் கிடந்தது. அவர் சட்டைப்பையில் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. அழைப்பது நான்தான் என்பது கனவிலேயே எனக்குத் தெரிந்தது. கத்தப் பார்த்தேன், குரல் வரவில்லை.

எழுந்தபோது அவர் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அதன் பிறகும் இரண்டு மூன்று முறை இதே போல் வந்துவிட்டது. நான் பகலில் இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்வதே இல்லை. "பத்திரமாகப் போய்ச் சேர வேண்டுமே" என்று நினைப்பதோடு சரி. பிறகு எலுமிச்சைச் சோறுவரை தெளிவான படம் எங்கிருந்து வருகிறது? இது எதையாவது முன்கூட்டியே சொல்கிறதா? அவரிடம் சொல்லலாமா, வேண்டாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலூர் முத்து

சகோதரி, மனம் பதறுகிறது. முதலில் அவர் எந்த மருத்துவமனையில் இருக்கிறார்? 108 வண்டியில்தான் கொண்டுபோனார்களா? தமிழ்நாட்டுச் சாலையில் நடந்த விபத்தென்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் செல்லும். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையின் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்கு அதுதான் ஆதாரம். வண்டியை அவசரப்பட்டுப் பழுது பார்க்கக் கொடுத்துவிடாதீர்கள்.

விழுப்புரம் மலர்

முத்து அண்ணா, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் எழுதியது கனவைப் பற்றி. ஆனாலும் இந்த 48 மணி நேரத் திட்டம் எனக்குத் தெரியாது. குறித்து வைத்துக்கொண்டேன். நன்றி.

திண்ணைப் பெரியவர்

அம்மா, பயப்பட வேண்டாம். எங்கள் ஊர்ப்பக்கம் கனவில் ஒருவர் இறந்ததாகக் கண்டால் அவருக்கு ஆயுள் கெட்டி என்றுதான் சொல்வார்கள். என் பாட்டி இப்படிக் கனவு கண்டால் எழுந்து முகம் கழுவி, விளக்கேற்றிவிட்டு, அதன் பிறகுதான் யாரிடமும் பேசுவாள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பழைய கனாநூல் இரவை நான்கு சாமமாகப் பிரித்துப் பலன் சொல்கிறது. முதல் சாமக் கனவு ஓராண்டில் பலிக்கும், இரண்டாவது எட்டு மாதத்தில், மூன்றாவது மூன்று மாதத்தில், கடைசிச் சாமக் கனவு பத்தே நாளில் என்று கணக்கு. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று ஊரில் சொல்வது அந்த வழியில் வந்ததுதான். உங்கள் கனவு வந்து பத்து நாள் கழிந்துவிட்டால் மனம் தெளிந்துவிடும். அதுவரை குலதெய்வத்துக்கு ஒரு ரூபாய் முடிந்து வையுங்கள்.

நீலாம்பரி

மலர், நான் மருத்துவ உளவியலாளர். தூக்கக் கோளாறுகளைப் பார்க்கும் ஒரு பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் கேள்விக்கான வழி உங்கள் பதிவிலேயே இருக்கிறது. பகலில் காட்சியே வருவதில்லை, வெறும் நினைப்புத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

விழித்திருக்கும்போது கவலை பெரும்பாலும் சொற்களாகத்தான் ஓடும். "மழை வருகிறதே, வண்டி வழுக்குமோ", "ஏன் இன்னும் அழைக்கவில்லை", "லாரிக்காரர்கள் எப்படி ஓட்டுகிறார்களோ" என்று மனத்துக்குள் ஒரு பேச்சு. தாமஸ் போர்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளர் பல ஆண்டுகள் கவலையை மட்டுமே ஆராய்ந்தவர். அவர் கண்டு சொன்னது இது: சொல்லாக ஓடும் கவலை உடம்பை அவ்வளவாக உலுக்குவதில்லை. அதே விஷயம் படமாக வந்தால் நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். அதனால் மனம், தன்னை அறியாமலேயே, படத்தின் வாசலுக்கு வரும்போது திரும்பிவிடுகிறது. "ஏதாவது ஆகிவிட்டால்..." என்று தொடங்கும் வாக்கியத்தை நாம் முடிப்பதில்லை. "சே, அப்படியெல்லாம் இல்லை" என்று சொல்லி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறோம். பகல் முழுக்க அதே அரை வாக்கியம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இரவில், அதிலும் பின்னிரவில், இந்த ஏற்பாடு குலைந்துவிடுகிறது. மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசையும் தூக்கக் கட்டம் ஒன்று உண்டு. 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அதை வெளியிட்டார்கள். நாங்கள் ரெம் தூக்கம் என்போம். அந்த நேரத்தில் மூளையின் பார்வைப் பகுதிகளும் அச்சத்தை எழுப்பும் பகுதியும் மிகச் சுறுசுறுப்பாக இருக்கின்றன. "பொறு, இது உண்மையா, பழைய வண்டியைத்தான் விற்றுவிட்டோமே" என்று சரிபார்க்கும் முன்மூளைப் பகுதி தளர்ந்து கிடக்கிறது. பகலில் வாசலோடு திரும்பிப்போன கவலை, காவலாள் இல்லாத வீட்டுக்குள் நேராக நுழைந்துவிடுகிறது. அச்சம் அதேதான். பகலில் அது பேசியது, இப்போது காட்டுகிறது.

பெரியவர் சொன்ன கடைசிச் சாமத்துக்கும் இதில் இடமிருக்கிறது. ரெம் தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். முதல் சுற்றில் சில நிமிடங்களே நீடிக்கும். விடியலை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போய் அரை மணி நேரம்கூட இருக்கும். நீளமான, கதையுள்ள, மறக்க முடியாத கனவுகள் விடியற்காலையில் வருவது அதனால்தான். நம் முன்னோர் கவனித்தது உண்மை என்பேன். அதற்கு அவர்கள் சொன்ன பலனைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சித்த வைத்தியர் பேரன்

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இரவில் நேரம் கழித்துச் சாப்பிட்டால் கெட்ட கனவு வரும். அவர் எட்டு மணிக்கு வந்து, இருவரும் ஒன்பதுக்கு மேல் சாப்பிட்டு, உடனே படுத்திருப்பீர்கள். வயிறு நிறைந்திருந்தால் வாயு மேலே ஏறி மனத்தைக் கலக்கும். ஏழு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுங்கள், கனவு நின்றுவிடும். என் தாத்தா எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சரியாகியிருக்கிறது.

நீலாம்பரி

உங்கள் தாத்தா சொன்னதில் பாதியை நானும் நோயாளிகளிடம் சொல்கிறேன். நேரம் கழித்து வயிறு நிறையச் சாப்பிட்டால் நெஞ்செரிச்சல், தாகம், புரளல் என்று தூக்கம் அடிக்கடி அறுபடும். கனவின் நடுவில் விழித்தவருக்குத்தான் அது நினைவில் நிற்கும். விழிக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போனவருக்கு அதே கனவு வந்ததே தெரியாது. ஆகவே சாப்பாட்டு நேரத்தை மாற்றினால் நினைவில் நிற்கும் கனவுகள் குறையக்கூடும். ஆனால் வயிறு கரும்பு லாரியைத் தேர்ந்தெடுக்காது. என்ன படம் ஓடுகிறது என்பது வேறு இடத்தில் முடிவாகிறது.

மலர், அந்தப் படத்தைப் பிரித்துப் பார்க்க விருப்பமா? லாரி, பழைய வண்டி, தலைக்கவசம், சோறு, கைப்பேசி. ஒவ்வொன்றையும் நீங்கள் விழித்திருக்கும்போது கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று யோசித்து எழுதுங்கள்.

விழுப்புரம் மலர்

உட்கார்ந்து யோசித்து எழுதுகிறேன்.

கரும்பு வண்டி: முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் வண்டிகளை ஆலை ஓடும் காலத்தில் தினமும் பார்க்கிறேன். அளவுக்கு மேல் ஏற்றிப் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு போகும். பேருந்தில் போகும்போது அதை ஒட்டிப் போனாலே எனக்குப் பயம்.

எதிர்த்திசை லாரி, நடுத்தடுப்பு இடைவெளி: வாட்ஸாப்பில் உறவினர் குழுவில் ஒரு காணொளி வந்தது. கண்காணிப்புக் கேமராப் பதிவு. பாதி பார்த்துவிட்டு அழித்துவிட்டேன். அதில் வண்டி அடிபடுமுன்பே நிறுத்திவிட்டேன்.

தலைக்கவசம்: அவர் போடுவார், ஆனால் தாடைப்பட்டையை மாட்ட மாட்டார். காவலர் நிற்கும் இடத்துக்காகத்தான் போடுகிறார். இதற்காகக் காலையில் சண்டையே வந்திருக்கிறது.

எலுமிச்சைச் சோறு: முந்தின நாள் கட்டிக்கொடுத்தது.

கைப்பேசி: அவர் வரத் தாமதமானால் நான் அழைத்துக்கொண்டே இருப்பேன். வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார். மணி அடித்து அடித்து நிற்கும். அந்தச் சில நிமிடங்களைப் போல் எனக்கு வேறு எதுவும் இல்லை.

சிவப்பு வண்டி மட்டும் புரியவில்லை. கல்யாணமான புதிதில் வைத்திருந்தது. விற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

நீலாம்பரி

மிகத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். இதில் புதிதாக எதுவுமே இல்லை, கவனித்தீர்களா? எல்லாமே உங்களிடம் ஏற்கெனவே இருந்த துண்டுகள். கவலை அவற்றைக் கோத்திருக்கிறது. கோத்த விதத்தில்தான் உங்கள் மனம் தெரிகிறது. பாதியில் நிறுத்திய காணொளியைக் கனவு முடித்துப் பார்த்திருக்கிறது. மாட்டாத பட்டையின் விளைவைக் காட்டியிருக்கிறது. பதில் வராத அழைப்பை மறுமுனையிலிருந்து காட்டியிருக்கிறது. நீங்கள் பகலில் முடிக்காமல் விட்ட வாக்கியங்கள் இவை மூன்றும்.

சிவப்பு வண்டிதான் எனக்கு மிக உதவும் சான்று. உண்மையில் நடக்கப்போவதை முன்கூட்டிக் காட்டும் படம் என்றால் இன்றைய வண்டியல்லவா வந்திருக்க வேண்டும்? கனவு "அவரும் வண்டியும்" என்று கேட்டது. நினைவில் உணர்ச்சியோடு ஆழமாகப் பதிந்திருந்த வண்டி கைக்கு வந்தது. கவலைக் கனவுகளில் இப்படிக் காலம் குழம்பியிருப்பது சாதாரணம். பிள்ளை கல்லூரியில் இருப்பான், கனவில் பள்ளிச் சீருடையில் வருவான்.

குரல் வராதது பற்றியும் ஒரு சொல். ரெம் தூக்கத்தில் கண்களையும் மூச்சுத் தசையையும் விட்டுவிட்டு உடம்பின் பெரும்பாலான தசைகளை மூளை பூட்டிவைக்கிறது. இல்லையென்றால் கனவில் ஓடுபவர் கட்டிலிலிருந்து விழுவார். ஓட முடியவில்லை, கத்த முடியவில்லை என்று பலரும் சொல்வதற்கு அந்தப் பூட்டு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கனவு வந்த பிறகு, பகலில் அது நினைவுக்கு வந்தால் என்ன செய்கிறீர்கள்?

விழுப்புரம் மலர்

தலையை உதறிவிட்டு வேறு வேலை பார்ப்பேன். படுக்கும் முன் "இன்றைக்கு அது வரக்கூடாது" என்று முருகனை நினைத்துக்கொண்டு படுப்பேன்.

நீலாம்பரி

முருகனை நினைப்பதை விடாதீர்கள். "அது வரக்கூடாது" என்பதைத்தான் மாற்ற வேண்டும். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 2004-இல் தம் சகாக்களோடு ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களைத் தூங்கும் முன் தங்களுக்குத் தெரிந்த ஒருவரைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். சிலரிடம் அவரை நினைக்காமல் இருக்கும்படி சொன்னார்கள், வேறு சிலரிடம் அவரை நினைக்கும்படி சொன்னார்கள். விலக்கப் பார்த்தவர்களின் கனவில்தான் அந்த ஆள் அதிகமாக வந்தார். ஒன்றை நினைக்காமல் இருக்க வேண்டுமென்றால், அது வந்துவிட்டதா என்று மனத்தின் ஒரு மூலை சோதித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. தூக்கத்தில் தடுக்கும் பகுதி ஓய்ந்த பிறகும் அந்தச் சோதனை ஓய்வதில்லை.

தென்றல்

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நீங்கள் சொல்வதெல்லாம் நியாயமாக இருக்கிறது. ஆனால் எனக்கு நடந்தது வேறு. என் தம்பி சாலையில் அடிபட்டுக் கிடப்பதாகக் கனவு கண்டேன். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அந்த மாதத்திலேயே அவன் போய்விட்டான். இரவில் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதிவிட்டான். அவனிடம் சொல்லியிருந்தால் அன்றைக்குப் போகாமல் இருந்திருப்பானோ என்று இன்றும் தோன்றுகிறது. இதை வெறும் துண்டுகள் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

நீலாம்பரி

தென்றல், உங்கள் இழப்புக்கு என்னிடம் சொல் இல்லை. உங்கள் கனவை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் "சொல்லியிருந்தால்" என்ற பாரத்தை நீங்கள் சுமப்பதுதான் என்னை வருத்துகிறது. அதனால் இதை எழுதுகிறேன்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். ஒரு நாளைக்கு 460 பேருக்கு மேல். அந்த ஒவ்வொருவர் வீட்டிலும் அவரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு யாரோ தூங்கியிருப்பார்கள். இவ்வளவு கவலையும் இவ்வளவு விபத்தும் உள்ள நாட்டில் சில கனவுகள் சில விபத்துகளுக்கு முந்திக்கொண்டு நிற்காமல் இருக்க முடியாது. கனவு வந்து, பிள்ளை வழக்கம்போல் வீடு திரும்பிய இரவுகளை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. உங்கள் கனவு நாளும் சொல்லவில்லை, சாலையும் சொல்லவில்லை. அதை வைத்து எந்தப் பயணத்தைத் தடுத்திருக்க முடியும்? அவனை நீங்கள் உயிராக நேசித்ததால் கவலைப்பட்டீர்கள், கவலைப்பட்டதால் கனவு வந்தது. கடமை தவறியதற்கு அது சாட்சி ஆகாது.

தென்றல்

உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆறுதலாகவில்லை. கடைசியில் எழுதியதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

திண்ணைப் பெரியவர்

தென்றல் மகளே, அந்தக் கனவுக்குப் பலன் சொல்ல யாரையும் தேடிப் போகாதே. பத்து நாள் கணக்கைச் சொன்னவன் நான்தான். அது உன்னைப் புண்படுத்தும் என்றால் அந்தக் கணக்கை விட்டுவிடு. இருந்தாலும் நீலாம்பரி அம்மா, எல்லாக் கனவையும் எண்ணிக்கைக்குள் அடக்கிவிடலாம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் அப்பா போன இரவில் எனக்கு வந்த கனவை எதற்குள்ளும் அடக்க முடியவில்லை.

சங்ககிரி ஓட்டுநர்

முப்பது வருடமாக லாரி ஓட்டுகிறேன். இங்கே லாரிக்காரர்களைப் பற்றி மலர் சகோதரி எழுதியதைப் படித்தேன். கோபமில்லை. என் வீட்டிலும் இதே பயம்தான்.

எனக்கு வரும் கனவு வேறு மாதிரி. பிரேக்கை மிதிப்பேன், கால் பஞ்சில் இறங்குவதுபோல் இறங்கிக்கொண்டே போகும். தொப்பூர் கணவாய் இறக்கம் அப்படியே வரும், ஆனால் மோதல் வராது. என் மனைவிக்கு வருவது மோதிய பிறகு நடப்பவை மட்டும்: ஆஸ்பத்திரி, வெள்ளைத் துணி, யாரோ போனில் தகவல் சொல்வது. ஓட்டுபவனுக்கு ஓட்டம் வருகிறது, வீட்டில் காத்திருப்பவளுக்குச் செய்தி வருகிறது.

நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி தாண்டி டீ குடிக்க நிறுத்தும்போது நானே அழைப்பேன். அதற்கு முன் அவள் அழைப்பதில்லை. முன்பெல்லாம் ஓட்டும்போது அவள் அழைப்பு வந்தால் எடுப்பதா வேண்டாமா என்று மனம் அலையும். ஆபத்தே அதில்தான் இருந்தது. ஏற்பாட்டுக்குப் பிறகு அவளுக்குக் கனவு குறைந்ததாகச் சொல்கிறாள். முழுதாக நிற்கவில்லை.

நீலாம்பரி

ஓட்டுநர் ஐயா சொன்னதை மலர் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். திரும்பத் திரும்ப அழைப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. அவர் எடுத்தால் அரை மணி நேரம் நிம்மதி. எடுக்காவிட்டால் பதில் இல்லாத மணியோசை விபத்துக்கு அடையாளம்போல் மனத்தில் பதிகிறது. வண்டி ஓட்டுபவர் எடுக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு, ஆனால் உங்கள் மனம் அதை ஆபத்தாகப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. புறப்படும்போது ஒரு செய்தி, வழியில் வண்டியை நிறுத்தும் ஓர் இடத்திலிருந்து ஓர் அழைப்பு என்று அவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இடையில் நீங்கள் அழைக்க வேண்டாம். முதல் சில மாலைகள் கடினமாக இருக்கும்.

கனவுக்கென்றே ஒரு பயிற்சியும் உண்டு. பேரி கிராக்கோ என்ற மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான பெண்களிடம் அதைச் சோதித்து 2001-இல் வெளியிட்டார். அவர்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்தன, தூக்கமும் மேம்பட்டது. உங்கள் நிலை அவ்வளவு கடுமையானது இல்லை. ஆனாலும் முறை அதேதான்.

பகலில், வெளிச்சத்தில் உட்கார்ந்து கனவைத் தாளில் ஒருமுறை எழுதுங்கள். பிறகு அதை ஓர் இடத்தில் மாற்றுங்கள். எங்கே, எப்படி என்பது உங்கள் விருப்பம். எடுத்துக்காட்டாக, தடுப்பருகே நீங்கள் நிற்கிறீர்கள், அவர் வண்டியை ஓரம் கட்டுகிறார், தாடைப்பட்டையைக் கழற்றிவிட்டுக் கைப்பேசியை எடுத்து "சொல்லு" என்கிறார். கரும்பு வண்டி தன் வழியே போய்விடுகிறது. அதன் பிறகு பழைய கனவைத் தொடாதீர்கள். மாற்றிய காட்சியை மட்டும் தினமும் பத்திலிருந்து இருபது நிமிடம் கண்ணை மூடி ஓட்டிப் பாருங்கள். சொல்லாக அல்ல, படமாக: பட்டையைக் கழற்றும் சத்தம், அவர் முகத்து வியர்வை, வண்டியின் சூடு. சில வாரம் செய்தால்தான் தெரியும். பழைய காட்சி வந்து நெஞ்சு படபடத்தால் கண்ணைத் திறந்து எழுந்துவிடுங்கள், அன்றைக்கு அது போதும்.

கடைசியாக ஒரு கேள்வி, முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். சமீபத்தில் ஏதாவது புது மாத்திரை தொடங்கினீர்களா?

விழுப்புரம் மலர்

ஆமாம். ஒற்றைத் தலைவலிக்கு ப்ரோப்ரனலால் என்ற மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரவில் போடுகிறேன். தொடங்கி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நீலாம்பரி

இருக்கலாம். அந்த வகை மாத்திரைகளில் சில மூளைக்குள்ளும் போகும். ப்ரோப்ரனலால் அதில் ஒன்று. சிலருக்குக் கனவுகளை மிகத் தெளிவாகவும் அச்சமூட்டுபவையாகவும் ஆக்கும். மாத்திரை கவலையை உண்டாக்கியிருக்காது, உங்களிடம் ஏற்கெனவே இருந்த கவலைக்கு வெளிச்சம் கூட்டியிருக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறக்கூடும். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கனவைச் சொல்லுங்கள். நேரத்தை மாற்றுவதா, வேறு மருந்துக்குப் போவதா என்று அவர் முடிவு செய்யட்டும்.

சித்த வைத்தியர் பேரன்

அப்படியென்றால் இத்தனை விளக்கமும் எதற்கு? மாத்திரைதான் காரணம் என்று முதலிலேயே முடிந்திருக்குமே.

நீலாம்பரி

முடிந்திருக்காது. அதே மாத்திரையைப் போடும் வேறொருவருக்குப் பரீட்சைக் கனவு வரும், இன்னொருவருக்கு ஒன்றுமே வராது. மலருக்கு எவ்வளவு பங்கு மாத்திரை, எவ்வளவு பங்கு கவலை என்று பிரித்துச் சொல்ல இங்கிருந்து என்னால் முடியாது.

ஆம்பூர் பாலாறு

நான் உண்மையில் விபத்தில் சிக்கியவன். காரில் பக்கத்து இருக்கையில் என் அண்ணன் இருந்தார், பிழைத்துவிட்டார், இப்போதும் நொண்டுகிறார். எனக்கு வரும் கனவில் எதுவும் மாறுவதில்லை. அதே பாலம், அதே டீசல் வாசனை, அண்ணன் என் பெயரைச் சொல்வதுவரை அப்படியே. பகலிலும் டீசல் வாசனை வந்தால் அங்கேயே போய்விடுகிறேன். நானும் மாற்றி எழுதினால் போதுமா?

நீலாம்பரி

நீங்கள் தனியாகத் தொடங்க வேண்டாம் என்பேன். மலரின் கனவு நடக்காததைத் துண்டுகளால் கட்டியது, அதனால் பிழைகள் நிறைய. உங்களுடையது நடந்ததைத் திரும்ப ஓட்டுகிறது. மாறாமல் வருவது, வாசனையோடு வருவது, விழித்திருக்கும்போதும் வருவது மூன்றும் சேர்ந்தால் அது அதிர்ச்சிக்குப் பின் வரும் நிலையாக இருக்கலாம். அதற்குச் சரியான சிகிச்சை உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய், இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள். தூக்கமே அச்சமாகிவிட்டால் தள்ளிப்போடவே வேண்டாம். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம்.

விழுப்புரம் மலர்

நேற்று மருத்துவரைப் பார்த்தேன். மாத்திரையைக் காலையில் போட்டுப் பார்க்கச் சொன்னார். மாற்றி எழுதிய காட்சி இன்னும் செயற்கையாகத்தான் இருக்கிறது. அவர் வண்டியை ஓரம் கட்டும்வரை நன்றாக வருகிறது, பிறகு லாரி தானாக வந்துவிடுகிறது.

அவரிடம் கனவைச் சொல்வது பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. தாடைப்பட்டை பற்றி மட்டும் சொன்னேன்.

சங்ககிரி ஓட்டுநர்

கனவைச் சொல்லாதீர்கள். ஓட்டுபவன் தலையில் அந்தப் படம் ஏறக்கூடாது.

நீலாம்பரி

நான் சொல்லலாம் என்பேன். காலையில் அவர் புறப்படும் நேரத்தில் வேண்டாம், விடுமுறை நாளில், "நீங்கள் அழைப்பை எடுக்காதபோது எனக்கு இப்படி ஆகிறது" என்று. லாரி தானாக வந்தால், அது வரும் முன்பே காட்சியை முடித்துவிடுங்கள். அவர் ஓரம் கட்டியதே போதும். அதை மட்டும் ஓட்டுங்கள்.

கடலூர் முத்து

அன்றைக்கு அவசரத்தில் படித்துவிட்டேன், மலர். இப்போது என் கேள்வி. என் எட்டு வயது மகள் படுத்த ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து "அப்பா, வண்டி" என்று அலறுகிறாள். கண் திறந்திருக்கும், நான் கூப்பிட்டால் தெரியாது. காலையில் கேட்டால் ஒன்றும் நினைவில்லை என்கிறாள். அவளுக்கும் இந்தப் பயிற்சி செய்யலாமா?

நீலாம்பரி

அது கனவே இல்லாமல் இருக்கலாம், அண்ணா. படுத்த ஒரு மணி நேரத்தில், கண் திறந்தபடி, காலையில் நினைவில்லாமல் என்றால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி விழிக்கும் இரவலறலைப் போலிருக்கிறது. பிள்ளைகளிடம் இது அதிகம், பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். எழுப்பிக் கேள்வி கேட்காதீர்கள், விழாமல் பார்த்துக்கொண்டு மறுபடி படுக்கவிடுங்கள். நினைவிலேயே இல்லாத காட்சியை மாற்றி எழுத முடியாது. அவள் எத்தனை மணிக்குப் படுக்கிறாள், பகலில் களைத்துப்போகிறாளா, குறட்டை உண்டா என்று எழுதுங்கள். கை கால் ஒரே மாதிரி வெட்டி இழுத்தாலோ, ஒரே இரவில் பல முறை வந்தாலோ குழந்தை மருத்துவரிடம் கைப்பேசியில் எடுத்த காணொளியோடு போங்கள்.